விடிகாலை ரயிலுக்கு டாக்சி சொல்லிவைப்பது எப்படி: சென்னைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

சென்னையில் விடிகாலை நாலரை மணிக்குச் சாலைகள் காலியாகத்தான் இருக்கும். பகலில் ஒன்றேகால் மணி நேரம் இழுக்கும் தூரம் அப்போது நாற்பது நிமிடத்தில் முடிந்துவிடும். அதனால் அந்த நேரத்தில் ரயிலைத் தவறவிடுகிறவர்களில் பெரும்பாலோர் டிராஃபிக்கில் மாட்டியவர்கள் இல்லை. வாசலில் பெட்டிகளை அடுக்கி வைத்துக்கொண்டு, வராத வண்டிக்காகக் காத்திருந்தவர்கள்.

இதைப் புரிந்துகொண்டால் எவ்வளவு நேரம் கூடுதலாக ஒதுக்க வேண்டும் என்ற கணக்கே மாறிவிடும். வழியில் நெரிசல் இருக்குமோ என்று பயந்து ஒதுக்குவதைவிட, சொன்ன வண்டி வராவிட்டால் இன்னொரு வண்டி பிடித்து ஏறுவதற்கு எவ்வளவு ஆகும் என்று பார்த்து ஒதுக்குவதுதான் சரி. என் அனுபவத்தில் அது இருபத்தைந்து நிமிடம். புறநகரின் உள்தெருக்களில் இன்னும் கொஞ்சம் கூடும்.

ஒரு குடும்பத்தை வைத்தே பார்ப்போம். வீடு மடிப்பாக்கத்தில். கணவன், மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியுள்ள பாட்டி. சென்ட்ரலில் காலை 6:10-க்குப் புறப்படும் கோவை எக்ஸ்பிரஸில் டிக்கெட். இரண்டு பெரிய சூட்கேஸ், இரண்டு தோள்பை, ஒரு சாப்பாட்டுப் பை.

முதலில் எந்த ஸ்டேஷன் என்று பாருங்கள்

சென்னைக்குப் புதியவர்கள் இதில் சறுக்குவதுண்டு. டிக்கெட்டில் MAS என்று இருந்தால் சென்ட்ரல். MS என்று இருந்தால் எழும்பூர். ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். TBM என்றால் தாம்பரம். சென்ட்ரலுக்கு 2019 முதல் புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி. ராமச்சந்திரன் சென்ட்ரல் என்பது அதிகாரப்பூர்வப் பெயர். ஆகவே டிக்கெட்டில் நீளமான பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

எழும்பூரில் மறுசீரமைப்பு வேலை நடப்பதால் 2025-இல் அங்கிருந்து கிளம்பும் சில ரயில்களைத் தற்காலிகமாகத் தாம்பரத்திலிருந்து இயக்கினார்கள். அதனால் எழும்பூர் டிக்கெட் வைத்திருப்பவர்கள் ரயில்வேயிலிருந்து வரும் எஸ்எம்எஸ்ஸைப் படிக்காமல் விடக்கூடாது. முந்தைய நாள் மாலை 139-க்கு அழைத்தோ ரயில்வேயின் NTES செயலியில் ரயில் எண்ணைப் போட்டோ, எங்கிருந்து எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். நேர அட்டவணையும் அவ்வப்போது மாறும். இந்தக் கட்டுரையில் நான் எழுதியிருக்கும் 6:10-ஐ நம்பாமல் உங்கள் டிக்கெட்டை நம்புங்கள்.

பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள்

வீட்டிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பலாம் என்று யோசிக்கத் தொடங்கினால் கணக்கு எப்போதும் இடிக்கும். சீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டிய நேரத்திலிருந்து பின்னோக்கி வாருங்கள்.

ரயில் 6:10. குடும்பம் 5:50-க்கு சீட்டில் இருக்க வேண்டும். சென்ட்ரல், ரயில்கள் வந்து முடிகிற நிலையம். எல்லா பிளாட்பாரமும் முன்கூடத்திலேயே தொடங்குகின்றன. பாட்டிக்கு இதில் ஒரு நன்மை உண்டு, படியேறி இறங்க வேண்டியதில்லை. ஆனால் உங்கள் பெட்டி ரயிலின் மறுகோடியில் இருந்தால் பிளாட்பாரத்தின் முழு நீளத்தையும் நடக்க வேண்டும். எல்.எச்.பி. என்ற புது வகை ரயில் பெட்டி ஒன்று சுமார் 24 மீட்டர். இருபது பெட்டிக்கு மேல் இருக்கும் ரயில் என்றால் கிட்டத்தட்ட அரை கிலோமீட்டர். அதற்கு முன்னால் வாசலில் பைகளை ஸ்கேனரில் போட்டு எடுக்க வேண்டும். பிளாட்பாரம் எண்ணைப் பலகையில் தேட வேண்டும், பிள்ளைகளில் ஒன்று பாத்ரூம் என்று சொல்லும். ஆக, காரிலிருந்து இறங்கி சீட்டில் உட்கார இருபத்தைந்து நிமிடம். பேட்டரி கார் கிடைத்தால் பாட்டிக்கு நல்லது, ஆனால் அதை நம்பி நேரத்தைக் குறைக்காதீர்கள். எனவே ஸ்டேஷன் வாசலில் இறங்க வேண்டியது 5:25.

மடிப்பாக்கத்திலிருந்து வேளச்சேரி, கிண்டி, அண்ணா சாலை வழியாக சென்ட்ரலுக்கு ஏறக்குறைய 17, 18 கிலோமீட்டர். அந்த நேரத்தில் நாற்பது நிமிடம் தாராளம். மடிப்பாக்கம் பக்கம் மெட்ரோ வேலைக்காகச் சாலையைக் குறுக்கியிருக்கும் இடங்களையும் சேர்த்துத்தான் இந்த நாற்பது. ஆக, வண்டி நகர வேண்டியது 4:45.

பெட்டிகளை ஏற்ற, பாட்டியை உட்காரவைக்க, வீட்டைப் பூட்டிவிட்டுக் கேஸ் அணைத்தோமா என்று திரும்பப் போய்ப் பார்க்கப் பத்து நிமிடம். ஆக, ஏதோ ஒரு வண்டி வாசலில் நிற்க வேண்டிய கடைசி நேரம் 4:35.

இதிலிருந்து மாற்று வண்டிக்கான அந்த இருபத்தைந்து நிமிடத்தைக் கழியுங்கள். 4:10. டிரைவரிடம் சொல்ல வேண்டிய நேரம் இதுதான்.

சொன்னபடி வண்டி 4:10-க்கே வந்துவிட்டால் ஐந்து, ஐந்தேகாலுக்குள் சென்ட்ரலில் இறங்கிவிடுவீர்கள். அதிகப்படியான நேரத்தில் ஒரு காபி குடிக்கலாம். வண்டி வரவேயில்லை என்றாலும் இரண்டாவது வண்டியில் 4:45-க்குக் கிளம்பி 5:50-க்கு சீட்டில் இருக்கலாம். இரண்டு வழியிலும் ரயில் கையில் இருக்கும்.

சில நாட்களுக்கு மட்டும் இந்தக் கணக்கில் சாலைக்கென்று தனியாக இருபது நிமிடம் கூட்ட வேண்டும். தொடர் விடுமுறை முடிந்த மறுநாள் காலை, தென்மாவட்டங்களிலிருந்து திரும்பும் வண்டிகளால் ஜி.எஸ்.டி. சாலை பெருங்களத்தூர், தாம்பரம் பக்கம் விடிவதற்குள்ளேயே நிரம்பிவிடும். அந்தப் பக்கம் வீடு இருப்பவர்கள் இதை மறக்கக்கூடாது. ஜனவரியில் மாரத்தான் நடக்கும் ஞாயிற்றுக்கிழமை கடற்கரை, அடையாறு பக்கம் சில சாலைகளை விடிவதற்கு முன்பே மூடிவிடுவார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுரங்கப்பாதைகளில் தண்ணீர் நின்றால் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

வண்டி எப்படி இருக்க வேண்டும்

ஐந்து பேர். செடான் காரில் டிரைவர் தவிர நான்கு பேருக்குத்தான் அனுமதி. பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள், விடிகாலை வாசலுக்கு வந்து நிற்கும் டிரைவர் அப்படி நினைக்காமல் போகலாம். எர்டிகா மாதிரி ஆறு பேர் வண்டி சொல்வதுதான் நல்லது. அதிலும் கடைசி வரிசையில் ஆள் உட்கார்ந்தால் பின்னால் சூட்கேஸ் வைக்க இடம் சுருங்கிவிடும். இந்தக் குடும்பத்தில் ஐந்து பேர்தான் என்பதால் கடைசி வரிசையில் ஒரு பாதியை மடக்கிவிட்டுச் சாமான் வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. இப்போது டாக்சியாக ஓடும் கார்கள் பலவும் சி.என்.ஜி. வண்டிகள். அவற்றில் டிக்கியில் சிலிண்டர் படுத்திருக்கும், ஒரு பெரிய சூட்கேஸ் வைப்பதே சிரமம். செயலியில் காட்டும் படத்தில் இது தெரியாது. நான்கு பேராக செடான் சொல்கிறவர்கள், "டிக்கியில சிலிண்டர் இருக்கா, மேல கேரியர் இருக்கா?" என்று கேட்டே ஆக வேண்டும். கேஸ் முந்தைய இரவே போட்டாகிவிட்டதா என்றும் கேளுங்கள். சி.என்.ஜி. பங்கில் வரிசை நின்றால் அரை மணி நேரம் சாதாரணமாகப் போய்விடும்.

செயலியா, தெரிந்த டிரைவரா?

செயலிகளில் நாளைக்கென்று முன்பதிவு செய்யும் வசதி இருக்கிறது. ஆனால் பதிவாகிவிட்டது என்று திரை சொல்வதும், ஒரு குறிப்பிட்ட மனிதர் உங்கள் வீட்டுக்கு வர ஒப்புக்கொண்டிருக்கிறார் என்பதும் வேறு வேறு. பல சமயம் டிரைவரின் பெயரும் வண்டி எண்ணும் கிளம்புவதற்குக் கொஞ்ச நேரம் முன்புதான் தெரியவரும். வழக்கமான நாளில் இது போதும். பாட்டி, பிள்ளைகள், மாற்ற முடியாத டிக்கெட் என்று இருக்கும் நாளில் எனக்கு இது போதாது.

அதனால் என் வரிசை இப்படி: முதலில் பக்கத்தில் வசிக்கும் தெரிந்த டிரைவர். அப்பார்ட்மென்ட் செக்யூரிட்டி, மளிகைக் கடைக்காரர், எதிர்வீட்டுக்காரர் என்று யாரிடம் கேட்டாலும் ஒரு நம்பர் கிடைக்கும். அடுத்தது, தொலைபேசியில் ஆள் எடுத்துப் பேசும் கால் டாக்சி. செயலி மூன்றாவது, மாற்று வண்டிக்கு. விடிகாலை நாலு மணிக்கு அந்த நிமிடமே ஒரு வண்டி தேடுவதற்குச் செயலியை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அதற்கு அது உங்கள் போனில் முந்தைய நாளே ஏறியிருக்க வேண்டும். லாகின் ஆகி, வீட்டு முகவரியும் ஸ்டேஷன் முகவரியும் சேமித்து வைத்திருக்க வேண்டும்.

இரண்டு வண்டி சொல்லிவைத்துவிட்டு, முதலில் வருவதில் ஏறிக்கொண்டு மற்றதை ரத்து செய்கிற பழக்கம் சிலருக்கு இருக்கிறது. இருட்டில் எழுந்து பத்து கிலோமீட்டர் வந்தவரை வாசலில் வைத்துத் திருப்பி அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதைவிட இன்னொரு டிரைவரிடம், "காலையில நாலு மணிக்கு ஒருவேளை கூப்பிட்டா எடுப்பீங்களா?" என்று வெளிப்படையாகக் கேட்டு வைப்பது மேல். பலர் சரி என்பார்கள்.

டிரைவரிடம் பேசும்போது

முந்தைய நாள் பகலில் பேசி முடிவு செய்யுங்கள். நேரத்தையும் தேதியையும் சொல்வதில்தான் கவனம் வேண்டும். "வெள்ளி நைட் நாலு மணி" என்று நீங்கள் சொன்னால் அவர் எந்த நாளுக்கு வருவார்? "15-ஆம் தேதி, விடிஞ்சா சனிக்கிழமை" என்று சொல்லுங்கள். போனில் நாலே கால், நாலே முக்கால் இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும், அரை மணி நேரம் போய்விடும். "நாலு பத்து" என்று எண்ணாகவே சொல்லுங்கள். பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகலாம்:

"அண்ணா, நாளைக்கு விடிஞ்சா சனிக்கிழமை, 15-ஆம் தேதி. காலைல நாலு பத்துக்கு மடிப்பாக்கத்துல வண்டி வேணும். சென்ட்ரல் ஸ்டேஷன், ஆறு பத்து ட்ரெயின்."

"நாலரைக்கு வந்தா போதும் மேடம். அந்த நேரத்துல ரோடு ஃப்ரீதான், அரை மணி நேரத்துல விட்டுர்றேன்."

"தெரியும்ணா. வயசானவங்க இருக்காங்க, சாமான் ஏத்தணும். நாலு பத்துக்கே வந்துடுங்க. நீங்க எங்கேர்ந்து வர்றீங்க?"

"மேடவாக்கம். வீட்லேர்ந்துதான் வரேன்."

"முன்னாடி வேற ட்ரிப் இருக்கா?"

"நைட் ஒரு ஏர்போர்ட் டிராப் இருக்கு மேடம், ரெண்டு மணிக்கு முடிஞ்சிரும்."

இந்தக் கடைசி பதிலுக்காகத்தான் அந்தக் கேள்வி. விடிகாலை வண்டி வராமல் போவதற்கு நான் பார்த்த காரணங்களில் பாதி இதில் அடங்கிவிடும். இரவு ஏர்போர்ட்டில் விமானம் தாமதமானால் அவரும் தாமதம். தாமதமாகாமல் இரண்டு மணிக்கே முடிந்தாலோ, வண்டியை ஓரம் கட்டி ஒரு மணி நேரம் கண்ணயரலாம் என்று படுப்பார், அலாரம் கேட்காது. வந்து சேர்ந்தாலும் இரவெல்லாம் ஓட்டிய கண்ணோடு உங்கள் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு அண்ணா சாலையில் போவார். தூக்கம் அழுத்துகிற நேரமே அதுதான். அதனால் இரவு ட்ரிப் இருக்கிறது என்றால் நான் வேறு ஆளைத்தான் பார்ப்பேன். எழுந்ததும் முதல் சவாரியாக உங்களிடம் வருகிறவர்தான் இதற்குத் தோதானவர்.

கட்டணத்தையும் அப்போதே முடித்துவிடுங்கள்: மொத்தம் எவ்வளவு, நைட் சார்ஜ் அதில் சேர்ந்ததா, காத்திருந்தால் தனியா. 4:10-க்கு வந்தவரை நீங்கள் 4:45 வரை நிற்கவைத்தால் அவர் கேட்பது நியாயம்தான். பணமா, ஜிபேயா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். எதற்கும் ஐந்நூறு ரூபாய்த் தாளாக இல்லாமல் சில்லறையாகக் கொஞ்சம் வைத்திருங்கள்.

பேசி முடித்ததும் வாட்ஸாப்பில் ஒரு செய்தி போடுங்கள். போனில் சொன்னது மறந்துபோகும், இது அங்கேயே இருக்கும்:

"சனிக்கிழமை 15-ஆம் தேதி காலை 4:10. மடிப்பாக்கம் வீடு, லொகேஷன் கீழே. பிள்ளையார் கோயில் தாண்டி இடதுபக்கம் இரண்டாவது தெரு, பச்சை கேட். 5 பேர், 2 பெரிய பெட்டி. சென்ட்ரல் மெயின் வாசல். உங்கள் பெயர், வண்டி நம்பர் அனுப்புங்கள்."

லொகேஷன் புள்ளியை நீங்களே பெரிதாக்கிப் பாருங்கள், அது பின்தெருவில் குத்தியிருக்கும். தெருவில் பள்ளம் தோண்டியிருந்தாலோ இரவு கேட் பூட்டுவார்கள் என்றாலோ அதையும் எழுதுங்கள். "மெயின் வாசல்" என்று எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. சென்ட்ரலில் புறநகர் ரயில்களுக்கான மூர் மார்க்கெட் வளாகம் பக்கத்திலேயே தனியாக இருக்கிறது, மெட்ரோ நிலையமும் இருக்கிறது. செயலி சில நேரம் அங்கே இறக்கிவிடும். சூட்கேஸோடும் பாட்டியோடும் அங்கிருந்து நடப்பது வீண்.

இரவு ஒன்பது மணி, விடிகாலை மூன்றே முக்கால்

இரவு ஒன்பது மணிக்கு ஒருமுறை கூப்பிடுங்கள். செய்தி அனுப்பினால் போதாது, குரல் கேட்க வேண்டும். "வந்துடுவீங்களா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "நாளைக்கு எத்தனை மணிக்குண்ணா வர்றீங்க?" என்று கேளுங்கள். அவர் வாயிலிருந்து நாலு பத்து என்று வந்தால் உறுதி. "காலைல தானே" என்று இழுத்தால் மறுபடி முழுதாகச் சொல்லுங்கள். போன் எடுக்கவேயில்லை என்றால் பத்து மணி வரை பார்த்துவிட்டு இரண்டாவது டிரைவரிடம் பேசிவிடுங்கள். அந்த நேரத்தில் வேறு ஏற்பாடு செய்வது சுலபம். விடிகாலையில் அல்ல.

வண்டி எண்ணையும் டிரைவர் நம்பரையும் ஊரில் இருக்கும் ஒருவருக்கு அனுப்பிவையுங்கள். பெண்களும் பிள்ளைகளும் மட்டும் போகிற பயணம் என்றால் இது கட்டாயம். காலையில் ஏறும் முன் அந்த எண்ணும் எதிரே நிற்கும் எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள்.

மூன்றே முக்காலுக்கு அடுத்த அழைப்பு. அவர் எடுத்து, பின்னணியில் வண்டிச் சத்தமோ குழாய்ச் சத்தமோ கேட்டால் நல்லது. தூக்கக் குரலாக இருந்தாலும் பரவாயில்லை, எழுப்பிவிட்டீர்கள். மேடவாக்கத்திலிருந்து மடிப்பாக்கம் பக்கம்தான். எடுக்கவில்லை என்றால் ஐந்து நிமிடம் கழித்து மறுபடி, அப்புறம் நாலு மணிக்கு ஒருமுறை.

இங்கேதான் ஒரு முடிவு நேரத்தை முன்பே வைத்துக்கொள்ள வேண்டும். இந்தக் குடும்பத்துக்கு அது 4:10. அதற்குள் வண்டி வாசலில் நிற்க வேண்டும், அல்லது டிரைவர் போன் எடுத்து, வந்துகொண்டிருக்கும் இடத்தைச் சொல்ல வேண்டும். இரண்டும் இல்லை என்றால் 4:11-க்குச் செயலியைத் திறந்து வண்டி போடுங்கள், இன்னொருவர் இரண்டாவது டிரைவரைக் கூப்பிடட்டும். "இன்னும் அஞ்சு நிமிஷம் பார்ப்போம்" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். அந்த ஐந்து நிமிடம் மூன்று முறை வரும். "பக்கத்துல வந்துட்டேன்" என்று டிரைவர் சொன்னால் லைவ் லொகேஷன் கேளுங்கள். புள்ளி நகர்ந்தால் காத்திருங்கள், நகரவில்லை என்றால் வேண்டாம். வேறு வண்டி உறுதியானதும் பழையவருக்கு ஒரு வரி அனுப்பிவிடுங்கள், பாதி வழியில் வந்துகொண்டிருக்கலாம்.

பெரிய வண்டி கிடைக்காவிட்டால் இரண்டு சின்ன வண்டிகள், அல்லது இரண்டு ஆட்டோக்கள். அப்போது ஒவ்வொன்றிலும் ஒரு பெரியவர், ஒரு டிக்கெட் நகல். மெட்ரோ காலை 5 மணிக்குத் தொடங்குகிறது. ஆட்டோவில் ஆலந்தூர் வரை போய் அங்கே மெட்ரோ பிடித்தால் ஐந்தே முக்கால் வாக்கில் சென்ட்ரலுக்குக் கீழேயே இறங்கலாம். பாட்டியோடு இது நெருக்கடியான வழிதான், இருந்தாலும் வழி. காரில் என்றால் இந்தக் கணக்கில் கடைசி எல்லை 5:00. அதற்குப் பிறகு கிளம்பினால் ஸ்டேஷனில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கும், பாட்டியால் ஓட முடியாது.

ரயில் கிளம்பிய பிறகு கன்ஃபர்ம் டிக்கெட்டுக்குப் பணம் திரும்ப வராது. அதனால் விடிகாலை மாற்று வண்டிக்கு இருநூறு ரூபாய் அதிகம் கேட்டால் பேரம் பேசிக்கொண்டு நிற்காதீர்கள்.

வண்டி வந்த பிறகு

பெட்டிகளை முன்கூட்டியே வாசலுக்கோ லிஃப்ட் அருகிலோ கொண்டுவந்துவிடுங்கள். பாட்டியை முன்சீட்டில் உட்காரவைத்தால் ஏற இறங்கச் சுலபம். ஆனால் டிரைவர் களைப்பாகத் தெரிந்தால் முன்னால் பெரியவர் ஒருவர் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டு வருவது நல்லது. கொட்டாவி விட்டுக்கொண்டே ஓட்டுகிறார் என்றால் தயங்காமல் ஒரு டீக்கடையில் நிறுத்தச் சொல்லுங்கள். 4:20-க்குக் கிளம்பியிருந்தால் அதற்கு நேரம் இருக்கிறது.

பணம் கொடுக்கும் வேலையை ஸ்டேஷன் வாசலில் வைத்துக்கொள்ளாமல், சென்ட்ரலுக்குச் சற்று முன்னால் வரும் சிம்சன் சிக்னலைத் தாண்டும்போதே ஜிபே செய்துவிடலாம், அல்லது நோட்டை எண்ணிக் கையில் வைத்துக்கொள்ளலாம். வாசலில் வண்டியை அதிக நேரம் நிறுத்த விடமாட்டார்கள். இறங்கியதும் ஒருவர் பாட்டியையும் பிள்ளைகளையும் ஓரமாக அழைத்துப் போகட்டும், இன்னொருவர் டிக்கியை எண்ணி இறக்கட்டும். சாப்பாட்டுப் பை பெரும்பாலும் பின்சீட்டுக்குக் கீழேதான் கிடக்கும், கதவைச் சாத்தும் முன் அங்கே ஒரு பார்வை.